வித்த வண்டிக்கு யார் தண்டம் கட்டுவது? சுங்கச்சாவடி சீட்டின் 'ஆட்டோ ரீசார்ஜ்' விவகாரம்!

வண்டியை வித்தாச்சு. பணம் கைக்கு வந்தாச்சு. ஆர்.சி. புத்தகமும் பேர் மாறியாச்சு. ஆனாலும் பழைய முதலாளியின் பாங்கி கணக்கிலிருந்து சுங்கச்சாவடிக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது!

இது எப்படி நடக்கிறது?

வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே பாஸ்டாக், அதில் 'ஆட்டோ ரீசார்ஜ்' என்று ஒரு வசதி உண்டு. இருப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் பாங்கியிலிருந்து பணம் தானாக வந்து நிரம்பிவிடும். அந்த அளவை நிர்ணயிப்பவர் வண்டிக்காரர்தான். வரிசையில் நின்று திண்டாட வேண்டாம் என்று பலர் இதைப் போட்டு வைக்கிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள்.

புரசைவாக்கம் வியாபாரி ஒருவரின் டெம்போவை எடுத்துக்கொள்வோம். இருப்பு 200 ரூபாய்க்குக் கீழே போனால் 500 ரூபாய் நிரம்ப வேண்டும் என்று அவர் போட்டிருக்கிறார். சீட்டில் 350 ரூபாய் இருக்கும்போது வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் தினமும் பரனூர், ஆத்தூர் வழியாகச் சரக்கு ஓட்டுகிறார். கணக்குக்காக ஒரு கேட்டுக்கு 150 ரூபாய், ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வையுங்கள்.

முதல் நாளே இருப்பு 50 ஆகிறது. உடனே 500 ஏறுகிறது. மூன்றாம் நாள், நான்காம் நாள், ஆறாம் நாள் என்று மறுபடி மறுபடி ஏறுகிறது. ஆறே நாளில் 2,000 ரூபாய் காலி! நாலு வாரம் கவனிக்காமல் விட்டால் எட்டாயிரத்தைத் தாண்டிவிடும். வாங்கியவர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. கேட் திறக்கிறது, அவர் போகிறார். யார் பணம் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

முன்கூட்டி தகவல் கிடையாது!

மாதச் சந்தா மாதிரியான விஷயங்களுக்குப் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கி விதி. ஆனால் 2024 ஆகஸ்டில் பாஸ்டாக்குக்கும் மெட்ரோ ரயிலில் தேய்க்கும் என்.சி.எம்.சி. அட்டைக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு தரப்பட்டது. காரணம் நியாயமானதுதான். கேட் முன்னால் நிற்கும் லாரி 24 மணி நேரம் காத்திருக்குமா? ஆனால் பணம் போன பிறகுதான் சேதி வரும் என்பதை வண்டிக்காரர் நினைவில் வைக்க வேண்டும்.

நிறுத்துவது எப்படி?

செல்போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீராது! அனுமதி இருப்பது ஆப்பில் அல்ல, பாங்கியில்.

யு.பி.ஐ. மூலம் போட்டிருந்தால், எந்த ஆப்பில் போட்டீர்களோ அதைத் திறக்கலாம். அதில் AutoPay அல்லது Mandates என்று ஒரு பகுதி இருக்கும். பாஸ்டாக் பெயரைத் தொட்டு, Revoke அல்லது Cancel கொடுத்து, யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போட வேண்டும். As Presented என்று எழுதியிருந்தால் உஷார்! கேட்கும்போதெல்லாம் எடுக்கலாம் என்று அதற்கு அர்த்தம். கார்டு மூலம் போட்டிருந்தால் அந்த கார்டு கொடுத்த பாங்கியில் ரத்து செய்ய வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள ஆன்லைனில் வசதி தர வேண்டியது பாங்கியின் கடமை.

வண்டியை விற்றவர் இன்னொன்றும் செய்ய வேண்டும். சீட்டு வழங்கிய பாங்கியிடம் சொல்லி அதையே மூடிவிட வேண்டும். மீதி இருப்பும் டெபாசிட்டும் திரும்பக் கிடைக்கும். சீட்டை மூடாமல் ரீசார்ஜை மட்டும் நிறுத்தினால், உள்ளே கிடக்கும் மிச்சப் பணம் அடுத்தவர் பயணத்துக்குப் போய்விடும்.

வண்டியை விற்காமல் ரீசார்ஜை மட்டும் நிறுத்துகிறவர் கேட்டுக்குப் போகும் முன்பே இருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்லுபடியாகும் பாஸ்டாக் இல்லாமல் தேசிய நெடுஞ்சாலை கேட்டில் போய் நின்றால், ரொக்கமாகக் கொடுப்பவருக்கு இரட்டைக் கட்டணம், யு.பி.ஐ.யில் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பர் 15-ல் விதி வந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

ஆட்டோ ரீசார்ஜைப் போடச் சொல்லும் பொத்தான் முதல் பக்கத்திலேயே மின்னுகிறது. நிறுத்தும் பொத்தான் மட்டும் நாலு கதவுக்கு உள்ளே ஏன் ஒளிந்திருக்கிறது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாங்கிகளுக்கு என்ன நஷ்டம்? மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காதே என்று ஒரு வரம்பையும் முதலிலேயே கேட்டு வாங்கலாமே!

முன்தகவல் என்ற பூட்டை எடுத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாக வேறொரு பூட்டு போடுவதுதான் முறை. அதுவரை வண்டி விற்கிறவர்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் சீட்டை மூடிவிடட்டும்!