“சும்மா ஜோக்குக்குச் சொன்னேன், நீதான் ரொம்ப சென்சிட்டிவ்!” - துணையின் கேலி எப்போது எல்லை மீறுகிறது?

நாலு பேர் முன்னாடி துணையை வைத்து ஒரு ஜோக். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஜோக்கில் சிக்கியவருக்கு மட்டும் சுருக்கென்று குத்துகிறது. தனியாக இருக்கும்போது அதைக் கேட்டால், “விளையாட்டுக்குத்தானே சொன்னேன், நீதான் தொட்டாச்சிணுங்கி” என்று பதில் வருகிறது. அந்த ஒரு வரியில் பேச்சே தடம் மாறிவிடுகிறது. சொன்னது சரியா என்ற கேள்வி போய், காயப்பட்டவரின் மனசு சரியா என்ற விசாரணை ஆரம்பமாகிறது.

உண்மையில் ‘ஜோக் நல்லதா, கெட்டதா’, ‘அவர் சென்சிட்டிவா, இல்லையா’ என்ற இரண்டு கேள்விகளுமே முக்கியம் இல்லை. “எனக்கு வலிக்குது” என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

மொட்டை மாடியில் ஒரு மாலை

புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணம். ஐயப்பன்தாங்கலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் கொண்டாட்டம். ஆட்குறைப்பில் வேலை போன ஒரு பெண், நாலு மாதமாக வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார். மூன்று இன்டர்வியூவில் கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பியதை ஒரு ராத்திரி கணவரிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார்.

மாடியில் யாரோ, “இப்போ எங்க வொர்க் பண்றீங்க?” என்று கேட்கிறார்கள். கணவர் முந்திக்கொள்கிறார்: “மேடம் இப்போ இன்டர்வியூ ஸ்பெஷலிஸ்ட். ஃபைனல் ரவுண்டு வரைக்கும் போவாங்க, அதுக்கு மேல போக மாட்டாங்க!” சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரிக்கிறார். வேறென்ன செய்வது?

இங்கே நடந்தவை இரண்டு. ஒன்று, இரண்டு பேருக்குள் இருந்த விஷயம் சபைக்கு வந்துவிட்டது. இனி அவர் எதையும் மனம்விட்டுச் சொல்லும் முன், ‘இது அடுத்த ஜோக்காகிவிடுமோ’ என்று யோசிப்பார். இரண்டு, சுற்றியிருந்தவர்களின் சிரிப்பு கணவருக்குக் கேடயமாகிவிட்டது. அங்கேயே முகம் சுளித்தால் ‘ஜோக்கைக்கூடத் தாங்க மாட்டாங்க’ என்று பெயர். சிரித்தால், “அன்னிக்கு நீயும்தானே சிரிச்சே?” என்று வீட்டில் அதுவே சாட்சி.

‘வேணும்னு சொல்லல’ - உண்மையாகவும் இருக்கலாம்

அந்தக் கணவர் உண்மையாகவே கெட்ட எண்ணமின்றிச் சொல்லியிருக்கலாம். ஜஸ்டின் க்ரூகர் உள்ளிட்ட அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பேசுகிறது. கேலி செய்பவருக்குத் தன் நோக்கம் தெரியும், ‘விளையாட்டுதானே’ என்பதால் அது லேசாகத் தெரிகிறது. கேட்பவருக்கு அந்த நோக்கம் அதே அளவுக்குப் போய்ச் சேர்வதில்லை. அவர் காதில் விழுவது வார்த்தைகள்தான். அதனால் ஒரே கேலி இருவருக்கும் இரண்டு அளவில் வலிக்கிறது.

எனவே முதல் தடவை ‘தெரியாம சொல்லிட்டேன்’ என்பதை நம்பலாம். ஆனால், ‘இது வலிக்குது’ என்று தெளிவாகச் சொன்ன அன்றோடு அந்தச் சாக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அதே இடத்தில் கை வைத்தால், தெரிந்தே வைப்பதாகத்தான் அர்த்தம்.

ஒருவேளை அவர் நிஜமாகவே கொஞ்சம் சென்சிட்டிவாக இருந்தால்? அப்போதும் பதில் மாறாது. காலில் புண் இருப்பவரை மிதித்துவிட்டு, ‘மத்தவங்களுக்கு இப்படி வலிக்காது’ என்று யாரும் வாதாடுவதில்லை.

நம் ஊர்க் கேலிக்கும் விதி உண்டு

‘கலாய்க்காம எப்படிங்க இருக்கிறது?’ என்று கேட்கலாம். தமிழ்க் குடும்பங்களில் கேலிக்குப் பஞ்சமே இல்லை. மாமன் மச்சான், அத்தை பிள்ளை, கொழுந்தன் என்று முறை வைத்தே கிண்டல் செய்வோம். நலங்கில் இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பாட்டிலேயே வாருவார்கள். ஆனால், அங்கே கேலி இரண்டு பக்கமும் போகும், கேட்டவர் திருப்பிக் கொடுக்கலாம். ஒருவருக்கு முகம் வாடினால், “போதும் விடுங்கப்பா” என்று சொல்ல ஒரு பெரியவரும் இருப்பார்.

அதையே வீட்டிலும் வைத்துப் பார்க்கலாம். கேலி எப்போதும் ஒரே ஆள் மேல்தான் விழுகிறதா? அதே பாணியில் திருப்பிச் சொன்னால் அவர் சிரிக்கிறாரா, கோபப்படுகிறாரா? வேலை, உடம்பு, நிறம், பிறந்த வீடு, குழந்தை என்று வலிக்கும் இடங்களையே தேடிப் போகிறதா? மூன்றுக்கும் பதில் ஒரே திசையில் இருந்தால், அது கலாய்ப்பு இல்லை.

இது ஆண்களுக்கும் நடக்கிறது. சம்பளத்தையும் வழுக்கையையும் வைத்து மனைவி அடிக்கும் ஜோக்குக்கு முகம் வாடினால், ‘ஆம்பளைக்கு என்ன இவ்ளோ ரோஷம்?’ என்பதுதான் அங்கே கிடைக்கும் ‘சென்சிட்டிவ்’ பட்டம்.

எப்படிச் சொல்வது?

பார்ட்டி முடிந்து பைக்கில் வரும்போதே ஆரம்பித்தால் பெரும்பாலும் சண்டையில்தான் முடியும். மறுநாள், இருவரும் நிதானமாக இருக்கும் நேரம் நல்லது. “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்கினால், ‘எப்பவுமா?’ என்ற வாதத்திலேயே பேச்சு மாட்டிக்கொள்ளும். ஒரு சம்பவம், ஒரு கோரிக்கை போதும்: “நேத்து மாடியில இன்டர்வியூ பத்திச் சொன்னே இல்ல, அது உன்கிட்ட மட்டும் சொன்ன விஷயம். இனிமே என் வேலையைப் பத்தி யார் முன்னாடியும் ஜோக் அடிக்காதே.”

“நீ ஓவர் சென்சிட்டிவ்” என்று வந்தால், ‘நான் அப்படி இல்லை’ என்று நிரூபிக்கக் கிளம்ப வேண்டாம். “இருந்துட்டுப் போறேன். இதை மட்டும் நிறுத்து” என்று கேட்ட விஷயத்திலேயே நிற்கலாம்.

அடுத்த இரண்டு மூன்று கூட்டங்களில் விடை தெரிந்துவிடும். பழக்க தோஷத்தில் வாய் தவறி, உடனே ‘சாரி’ சொல்பவர் மாற முயல்கிறார். ‘அய்யோ, இதைச் சொன்னா மேடம் கோவிச்சுப்பாங்க’ என்று அந்தக் கோரிக்கையையே புது ஜோக்காக்குபவர், தன் பதிலைச் சொல்லிவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. அவமதிப்பது, ஏளனம் செய்வது, சிறுமைப்படுத்துவது, குழந்தை இல்லை என்று குத்திப் பேசுவது எல்லாம் ‘சொல் மற்றும் உணர்வு ரீதியான கொடுமை’யில் அடங்கும். திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் இது பொருந்தும். மனைவியை மற்ற பெண்களோடு ஒப்பிட்டு ஓயாமல் குத்திப் பேசுவது மனரீதியான கொடுமை என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில் சொன்னது.

இதற்காக ஒரு ஜோக்குக்கெல்லாம் வழக்குப் போட முடியாது. மொத்தச் சூழலையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2005 சட்டத்தில் ஆண்கள் நிவாரணம் கோர முடியாது. இந்துத் திருமணச் சட்டத்தில் கொடுமையை விவாகரத்துக்கான காரணமாக இருவருமே முன்வைக்கலாம். கேலியோடு மிரட்டல், பணத்தைப் பிடித்து வைப்பது, நண்பர்களிடம் பேசவிடாமல் தடுப்பது எல்லாம் சேரும்போது, பெண்கள் 181 உதவி எண்ணை அழைத்துப் பேசலாம்.

பெரும்பாலான வீடுகளில் விஷயம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்த மொட்டை மாடியில் இருந்த ஒருவர் சிரிக்காமல், “சரி விடுப்பா, வேற பேசலாம்” என்று சொல்லியிருந்தாலே அன்றைக்கு அந்தக் கேடயம் உடைந்திருக்கும்.