‘அடியிலிருந்து ஏறும் ஈரம்’ என்று எழுதும் முன்

பழங்கட்டடங்களின் நிலை ஆய்வறிக்கைகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது: ‘அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம்’. பெரும்பாலும் அது ஒரே வருகையில், கையடக்க ஈரமானியைச் சுவரில் பதித்துப் பார்த்து எழுதிய முடிவு. அதை ஆய்வு முடிவாக ஏற்கலாகாது என்பது என் கருத்து.

முள் பொருத்திய ஈரமானி உண்மையில் அளப்பது நீரையன்று, மின்தடையை. உப்பு ஏறிய சுவரில் சிறிதளவு நீர் இருந்தாலே மின்தடை வெகுவாகக் குறைந்து, மானி உச்சத்தைக் காட்டும்.

கொல்கத்தாவில் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய ஒரு செங்கற்சுவரை எண்ணிப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை கறை. ஜூலையில் தொட்டால் கை நனைகிறது. ஜனவரியில் அதே இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துச் செங்கல் பொடியாக உதிர்கிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் செங்கலின் நுண்துளைகளுக்குள் படிகமாகி அதைச் சிதைக்கும். ஆக, நிலத்துநீர் என்றோ கொண்டுவந்து சேர்த்த உப்பு, அந்நீரின் வரத்து நின்ற பின்னும் சுவரை நனைக்கவும் உடைக்கவும் வல்லது. ஒரு பருவத்தில் மட்டும் பார்த்தவருக்கு இதில் பாதியே தெரியும்.

பிரித்தறிய வழியுண்டு. வெவ்வேறு உயரங்களில், வெவ்வேறு ஆழங்களில் மெதுவாகத் துளையிட்டுப் பொடியெடுத்து, காற்றுப்புகாக் குப்பியில் அடைத்து எடைபோட வேண்டும். பின் உலர்த்தி மீண்டும் எடைபோட்டால் சுவரிலிருந்த நீரின் அளவு கிடைக்கும். உலர்ந்த அதே பொடியை, அந்த அறையில் அன்று பதிவான ஈரப்பதத்திலேயே எடை நிலைக்கும் வரை வைத்தால், அது காற்றிலிருந்து எவ்வளவு நீரை ஈர்க்கும் என்பது தெரியும். இரண்டும் ஏறக்குறைய சமமெனில் உப்பே போதிய விளக்கம். முதலாவது மிகுதியெனில் நீர் வேறெங்கிருந்தோ வருகிறது. மழைநீர்க் குழாயையும் வெளித்தரை மட்டத்தையும் அப்போது தேட வேண்டும். துளையிடுவது சுவருக்கு ஊறு என்பதால் உரிய அனுமதியோடு, சில இடங்களில் மட்டுமே செய்யத் தகும்.

விரிசலுக்கும் இதுவே நெறி. ‘கட்டமைப்பு விரிசல்’ என்பது தீர்ப்பு. அளந்த இடத்தில் அகலம் எத்தனை மில்லிமீட்டர், விரிசல் செங்கலைப் பிளக்கிறதா இணைப்பு வழியே ஓடுகிறதா, உட்புறம் பழைய அழுக்கா புதிய முறிவா என்பவையே பதிவு. முனைகளில் தேதியிட்டு ஓராண்டு அளந்தால்தான், பருவத்தோடு திறந்து மூடும் விரிசலையும் விரிந்துகொண்டே போவதையும் வேறுபடுத்த முடியும்.

எனவே படிவத்தில் கண்டது, அளந்தது, கருதியது ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் நிற்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மாதம் குறிக்கப்பட வேண்டும். தவறான ஒரு வரியை நம்பிச் சிமெண்டுப் பூச்சு பூசப்படுகிறது. பூச்சு ஆவியாதலைத் தடுக்க, ஈரமும் உப்பும் அதன் மேல்விளிம்பைத் தாண்டி ஏறி, அதுவரை நலமாயிருந்த செங்கலை அரிக்கின்றன. அடுத்து வரும் ஆய்வாளர் அதையும் ‘ஏறும் ஈரம்’ என்றே எழுதுவார்.