முதலில் கெபாசிட்டரை எடுங்க

இந்த வார எபிசோடில் நேரம் போதாமல் நின்றுபோன ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன். ஒரு ஆப்-ஆம்பை வைத்து பிஐ கன்ட்ரோலர் கட்டுவது எப்படின்னு எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் கணக்கின் நடுவில் ஒரு வரி வரும்: "வசதியான ஒரு கெபாசிட்டர் மதிப்பை எடுத்துக்கொள்க." அப்புறம் ரெசிஸ்டர் மதிப்புகள் தானாக வந்து விழும், கணக்கு முடிஞ்சுது. என் கருத்து என்னன்னா, மொத்த வேலையும் அந்த "வசதியான" என்ற ஒரு சொல்லுக்குள்தான் ஒளிஞ்சிருக்கு. எது வசதி, யாருக்கு வசதி என்று புத்தகம் சொல்வதில்லை.

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ், சோறு போடுவது ஐடி கான்ட்ராக்ட். அதனால் உங்களில் பல பேர் மாதிரி எனக்கும் பிஐ முதலில் அறிமுகமானது கோடாகத்தான்:

```
integral += error * dt
output = Kp * (error + integral / Ti)
```

பிழை எவ்வளவோ அதற்கேற்ற தள்ளு உடனே ஒன்று. பிழை எவ்வளவு நேரமா நீடிக்குது என்பதற்கு மெதுவா ஏறுகிற தள்ளு இன்னொன்று. இதையே ஆப்-ஆம்ப் செய்யும் விதம் ரொம்ப எளிது. உள்ளீட்டிலிருந்து மைனஸ் முனைக்கு R1. வெளியீட்டிலிருந்து அதே மைனஸ் முனைக்கு R2, அதோடு வரிசையில் C. பிளஸ் முனை கிரவுண்டில். பிழை என்பது R1 வழியா ஓடும் மின்னோட்டமாகிறது. அந்த மின்னோட்டம் முழுக்க R2-யும் C-யும் வழியாத்தான் போயாகணும். R2-வில் விழும் வோல்டேஜ் அந்தக் கணத்துப் பிழை. C-யில் சேரும் வோல்டேஜ் இதுவரை கூட்டிய பிழை. `integral` என்ற வேரியபிள் இங்கே கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள், அவ்வளவுதான்.

```
Kp = R2 / R1
Ti = R2 * C
fz = 1 / (2π * R2 * C)
```

fz என்பதுதான் ஜீரோ. அதற்குக் கீழே உள்ள அதிர்வெண்களில் கெபாசிட்டர் ஆட்சி, சர்க்யூட் கூட்டிக்கொண்டே போகும். அதற்கு மேலே R2 ஆட்சி, வெறும் பெருக்கல்தான். இப்ப எண்ணிப் பாருங்க. நமக்கு வேண்டியவை ரெண்டு: கெயினும் ஜீரோவும். கையில் இருப்பவை மூணு: R1, R2, C. ஒன்று நம் இஷ்டம். அந்த இஷ்டத்தைக் கெபாசிட்டருக்குக் கொடுக்கணும் என்பதுதான் என் வாதம். ரெசிஸ்டர் எந்த மதிப்பிலும் நல்ல தரத்தில் மலிவாகக் கிடைக்கும். கெபாசிட்டர் அப்படி இல்லை. மதிப்பு மாறினால் பொருளின் குணமே மாறிடும்.

ஒரு உதாரணத்தோடு போவோம். சின்ன டிசி மோட்டார், அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தணும். சுருளின் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம், இண்டக்டன்ஸ் 2 மில்லி ஹென்றி. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1 மில்லி செகண்ட். வோல்டேஜ் கொடுத்தால் மின்னோட்டம் ஏற இந்த மோட்டார் எடுத்துக்கொள்ளும் சோம்பல் அது. பவர் ஆம்ப் 4 மடங்கு பெருக்கும். மின்னோட்டத்தை அளக்கும் சர்க்யூட் ஒரு ஆம்பியருக்கு அரை வோல்ட் தரும். ஆக, கன்ட்ரோலர் 1 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 4 வோல்ட், அதில் 2 ஆம்பியர், அது அளவியில் திரும்ப 1 வோல்ட். மொத்தக் கெயின் சரியாக 1 வருகிற மாதிரி எண்களை எடுத்திருக்கேன், கணக்கு கண்ணுக்குத் தெரியணும் என்பதற்காக.

ஜீரோவை மோட்டாரின் சோம்பல் மேலேயே வைக்கிறோம்: R2 × C = 1 மில்லி செகண்ட், அதாவது ஜீரோ 159 ஹெர்ட்ஸில். அப்போ ரெண்டும் ஒன்றை ஒன்று அடிச்சுக்கொள்ளும், லூப்பில் மிஞ்சுவது ஒரு சுத்தமான இன்டக்ரேட்டர். லூப் 1 கிலோ ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யணும்னா கெயின் 2π × 1000 × 0.001, அதாவது 6.28 வேணும். கணக்கில் இவ்வளவுதான். இனிமேல்தான் அந்த "வசதி" வருது.

C-க்கு 100 நானோ ஃபாரட் எடுத்தால் R2 10 கிலோ ஓம், R1 1.6 கிலோ ஓம். இலக்கு மின்னோட்டத்தைச் சொல்ல 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்றை நேரா மாட்டியிருக்கீங்கன்னு வைங்க. நடுவில் நிற்கும்போது அதற்கே 2.5 கிலோ ஓம் உள்ரெசிஸ்டன்ஸ். நீங்க 1.6 என்று நினைக்கும் R1 உண்மையில் 4.1. குமிழைத் திருப்பத் திருப்ப இது மாறிக்கொண்டே வேற இருக்கும். குமிழில் போட்ட குறியும் ஓடும் மின்னோட்டமும் பொருந்தவே பொருந்தாது.

சரி, எதிர்ப்பக்கம் போவோம். C 1 நானோ ஃபாரட் என்றால் R2 1 மெகா ஓம், R1 160 கிலோ ஓம். இப்ப ஆப்-ஆம்பே தொந்தரவு. எல்லார் பெட்டியிலும் கிடக்கும் LM358-இன் உள்ளீட்டு முனையில் சில பத்து நானோ ஆம்பியர் எப்பவும் ஓடும். 50 என்று வைத்துக்கொண்டால், 160 கிலோ ஓமில் அது 8 மில்லி வோல்ட். கெபாசிட்டர் வழியா நிலையான மின்னோட்டம் போகாது, அதனால் அந்த 50 நானோ ஆம்பியர் R1 வழியாத்தான் வந்தாகணும். லூப் அந்த 8 மில்லி வோல்ட்டைப் பிழையாகவே நிரந்தரமா வைத்திருக்கும். நம்ம அளவியில் அது 16 மில்லி ஆம்பியர். "இன்டக்ரேட்டர் இருந்தால் நிலைப்பிழை பூஜ்யம்" என்று படிச்சோமே, அது தாளில் உள்ள ஆப்-ஆம்புக்கு.

நடுவில் 10 நானோ ஃபாரட். R2 100 கிலோ ஓம். R1 15.9 வரணும், கடையில் கிடைக்கும் 16 கிலோ ஓம் போட்டால் கெயின் 6.25, லூப் 995 ஹெர்ட்ஸ். யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. LM358-ஆல் வரும் பிழை பத்தில் ஒன்றாகிடுச்சு. பொட்டென்ஷியோமீட்டர் இன்னும் தொந்தரவுதான், 16-க்கு முன்னால் 2.5 சின்னது இல்லை. ஆனா LM358-க்குள் ரெண்டு ஆப்-ஆம்ப் இருக்கே, ரெண்டாவதை பஃபராகப் போட்டால் தீர்ந்தது.

10 நானோ ஃபாரட்டை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அந்த அளவில் ஃபிலிம் வகையும் C0G செராமிக்கும் சுலபமாகக் கிடைக்கும். கெபாசிட்டரின் ஒரு பக்கம் மைனஸ் முனையோடு சேர்ந்து கிரவுண்ட் மட்டத்தில் நிற்குது, மறுபக்கம் R2 வழியா வெளியீட்டில். அதனால் மோட்டார் நிலையா ஓடும்போது வெளியீட்டு வோல்டேஜ் முழுக்க கெபாசிட்டர் மேல்தான் உட்காரும். X7R செராமிக்குக்கு வோல்டேஜ் ஏறினால் மதிப்பு குறையும். மோட்டார் மெதுவா ஓடும்போது ஒரு ஜீரோ, வேகமா ஓடும்போது வேற ஜீரோ. தேடிக் கண்டுபிடிக்க எரிச்சலூட்டும் வகைக் கோளாறு இது.

அதற்காக ஜீரோவைப் பத்தி ரொம்பப் பதறவும் வேண்டாம். மோட்டார் 50 டிகிரி சூடேறினால் செப்புச் சுருளின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 20 சதவீதம் கூடும். சோம்பல் 159 ஹெர்ட்ஸிலிருந்து 191-க்கு நகரும், நம்ம ஜீரோ அங்கேயே நிற்கும். ஆனா 1 கிலோ ஹெர்ட்ஸில் அதனால் வரும் கட்ட வித்தியாசம் சுமார் 2 டிகிரிதான். மின்னோட்டம் இலக்கைத் தொடும் கடைசிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மெல்லிய வால் தெரியும், அவ்வளவுதான். கெயின் கதை வேற. அதை ரெட்டிப்பாக்கினால் லூப் 2 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போகும், பவர் ஆம்பின் தாமதம் அங்கே காத்திருக்கும், ஸ்கோப்பில் அலை அலையா மணியடிக்கும். துல்லியத்தை R1-R2 விகிதத்தில் காட்டுங்க.

கட்டினதைச் சோதிக்க மோட்டாரே வேண்டாம். கெபாசிட்டருக்குக் குறுக்கே ஒரு புஷ் பட்டன் போடுங்க. பட்டனை அழுத்திப் பிடிச்சு, R1-இல் 0.1 வோல்ட் கொடுங்க. வெளியீடு மைனஸ் 0.625-இல் நிற்கணும். அதுதான் கெயின். பட்டனை விட்டதும் அது சரிய ஆரம்பிக்கும். ஒரு மில்லி செகண்டில் இன்னொரு 0.625 சரிஞ்சு மைனஸ் 1.25-ஐத் தொட்டால் Ti சரி. ரெண்டு எண்ணும் ஒரே படத்தில் கிடைச்சிடும். பட்டன் இல்லாமல் முயற்சி பண்ணாதீங்க: லூப் மூடாத இன்டக்ரேட்டர், ஆஃப்செட்டாலேயே ஒரு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கும். லூப்பை மூடின பிறகும் வெளியீடு ஓரத்தில் ஒட்டி, குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் வரமாட்டேன் என்றால், அளவியின் ரெண்டு வயர் இடம் மாறியிருக்கு என்று அர்த்தம். மோட்டார் வயரை மாத்திப் பலனில்லை.

கோட் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆச்சரியமும் உண்டு. மோட்டார் மாட்டிக்கொண்டு பிழை தீராமல் நின்றால் நம்ம `integral` எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அதற்கு நாமதான் கட்டுப்பாடு எழுதணும். ஆப்-ஆம்பில் வெளியீடு ஓரத்தைத் தொட்ட பிறகு, கெபாசிட்டர் அதிகபட்சம் உள்ளீட்டு வோல்டேஜ் அளவுக்குத்தான் இன்னும் கூடுதலா ஏற முடியும். அதுக்கு மேல் R1-இல் மின்னோட்டமே ஓடாது. பவர் சப்ளையே ஒரு வேலி.

இதெல்லாம் படிச்சிட்டு வீட்டு காபி மெஷின் ஹீட்டருக்கும் ஆப்-ஆம்ப் போடலாம்னு கிளம்பினால், நான் தடுப்பேன். அங்கே சோம்பல் 100 செகண்ட் என்று வைங்க. R2 × C = 100 செகண்ட். கைக்கு அடங்கும் பெரிய ஃபிலிம் கெபாசிட்டராக 10 மைக்ரோ ஃபாரட் எடுத்தாலும் R2 10 மெகா ஓம். கெயின் 20 என்றால் R1 500 கிலோ ஓம். அதில் அதே 50 நானோ ஆம்பியர் 25 மில்லி வோல்ட். டிகிரிக்கு 10 மில்லி வோல்ட் தரும் LM35 சென்சாரில் அது இரண்டரை டிகிரி. கெபாசிட்டரைப் பெருசாக்க எலக்ட்ரோலிட்டிக் போட்டால் அது தானே கசியும். செகண்டுக்கு ஒரு தடவை கணக்குப் போட்டாலே போதும் என்கிற இடம் இது. மேலே உள்ள ரெண்டு வரிக் கோடை ஒரு மலிவான மைக்ரோகன்ட்ரோலரில் போட்டு, `integral`-க்கு ஒரு உச்சவரம்பும் எழுதிடுங்க. மோட்டார் லூப்புக்கு மட்டும் ஃபிலிம் கெபாசிட்டர் ஒரு பாக்கெட், 10 நானோ ஃபாரட்டில், வாங்கி வைங்க.