மழை விடுமுறையும் தினக்கூலியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. 18-ஆம் தேதி திங்கட்கிழமை தென்காசி உள்ளிட்ட நான்கு மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை அறிவித்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது விடுமுறை. ராயகிரியிலிருந்து வேனில் ஆலைக்குப் போகும் தினக்கூலிப் பெண்ணுக்கு அது அடுப்பெரியாத நாள். ஏனென்றால், இப்படி அறிவிக்கும் விடுமுறையால் அவருக்குத் தானாகக் கூலி வந்துவிடாது.

சட்டத்தில் ஒரு வழி உண்டு. இயற்கைச் சீற்றத்தால் வேலை தர முடியாவிட்டால் அது 'லே-ஆஃப்'. அந்த நாளுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதியை இழப்பீடாகத் தர வேண்டும். 480 ரூபாய் என்றால் 240. ஆனால் 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையாக இருக்க வேண்டும். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கேஷுவல், பதிலித் தொழிலாளருக்கு இது கிடையாது. நம் தெருக்களிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்தவரையும் 'கேஷுவல்' என்றே எழுதிவைப்பதில்தான் வஞ்சகம் இருக்கிறது.

அடுத்தது, ஈடு வேலை. 'திங்கட்கிழமைக்குப் பதிலாக ஞாயிறு வாருங்கள்' என்பார்கள். அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டப்படி, ஞாயிறு வேலை வாங்கினால் அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாளுக்குள் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். 24-ஆம் தேதி ஞாயிறுக்கு 18-ஆம் தேதி கணக்கில் சேராது. ஆறு நாள் தள்ளி இருக்கிறது. ஓய்வே தராமல் 24 முதல் 30 வரை எட்டு மணி நேரம் வீதம் வேலை வாங்கினால் 56 மணி நேரம். வாரத்துக்கு 48-தான். மீதி எட்டு மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி. இந்த 48 மணி நேரமும் இரட்டைக் கூலியும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன.

மூன்றாவது, பயணம். வேன் கிளம்பிய பிறகு வரும் அறிவிப்பால் பயனில்லை. ராயகிரி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். ஊரில் தூறலாக இருந்தாலும் மலையில் கொட்டினால் ஓடையில் திடீரென்று தண்ணீர் வரும். கணுக்காலைத் தாண்டி, சுமார் 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே ஆளைச் சாய்த்துவிடும், 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் வேன் திரும்ப வேண்டும், அன்று ஆப்சென்ட் போடக் கூடாது.

ஆகவே 'நாளை விடுமுறை' என்று ஒரு வரி எழுதினால் போதாது. கூலி எவ்வளவு, ஈடு நாள் எது, அதற்கு ஓய்வு எப்போது, வேன் வருமா என்ற நான்கையும் தமிழில் எழுதி, முதல் நாள் மாலையே ஒட்ட வேண்டும். கேஷுவல் தொழிலாளரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைச் செல்பேசியில் படம் எடுத்துவையுங்கள். சம்பள நாளில் அதுதான் சாட்சி.