வண்டியின் கணக்கும் பயணியின் கணக்கும்

2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எனக்கும் என் மைத்துனருக்கும் ஒரு மனஸ்தாபம். ஏறக்குறைய நான்கு மாதம் பேச்சே இல்லை. என் மனைவிக்கு அது எத்தனை சங்கடமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காரணம் பணம்தான். ஆனால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் சொன்ன எண்ணும் சரி, நான் சொன்ன எண்ணும் சரி. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. ஓய்வூதியப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நம் அன்பர்கள் பலர் இதே இடத்தில் இடறுவதைப் பார்க்கிறேன். அதனால் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் மைத்துனரின் யோசனைப்படி, சிறு நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஒரு மியூச்சுவல் ஃபண்டில் 1 லட்ச ரூபாய் போட்டேன். அன்று ஒரு யூனிட்டின் விலை 10 ரூபாய். எனக்குக் கிடைத்தவை 10,000 யூனிட்டுகள். அந்த ஆண்டு சிறு நிறுவனப் பங்குகள் வெகுவாக ஏறின. 2018 ஜனவரியில் யூனிட் விலை 15 ரூபாய். ஒரே ஆண்டில் நூற்றுக்கு ஐம்பது! அதற்கு முந்தின மாதக் கடைசியில்தான் நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். கையில் கிராஜுவிட்டியும் மற்றத் தொகைகளும் வந்திருந்தன. ஆசை யாரை விட்டது? 9 லட்சத்தை எடுத்து அதே ஃபண்டில் போட்டேன். 15 ரூபாய் விலையில் 60,000 யூனிட்டுகள் கிடைத்தன.

2018-ல் சந்தை திரும்பியது. 2019 ஜனவரியில் யூனிட் விலை 12 ரூபாய். என்னிடம் இருந்த 70,000 யூனிட்டுகளின் மதிப்பு 8 லட்சத்து 40 ஆயிரம். போட்டது 10 லட்சம். 1 லட்சத்து 60 ஆயிரம் நஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்தபோது கொட்டித் தீர்த்துவிட்டேன். அவரோ நிதானமாக, "அத்தான், அந்த ஃபண்ட் ரெண்டு வருஷத்தில் ஏறித்தானே இருக்கு? வருஷத்துக்கு ஒன்பதரை சதவீதம் கொடுத்திருக்கே!" என்று சொல்லி, அதன் விளம்பரத் தாளையும் எடுத்துக் காட்டினார். அதில் அப்படித்தான் போட்டிருந்தது. எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி ஆயிற்று. "பொய்க் கணக்கு காட்டுகிறவர்களுக்கு நீயும் உடந்தையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

இனி அந்த ஒன்பதரை எப்படி வந்தது என்று பார்ப்போம். 2017 ஜனவரியில் ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு அப்புறம் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் அது ஒன்றரை ரூபாய் ஆகிறது. இரண்டாம் ஆண்டில் நூற்றுக்கு இருபது குறைந்து 1 ரூபாய் 20 காசு ஆகிறது. இரண்டு ஆண்டில் 1.20 ஆக வேண்டுமானால் ஆண்டுக்கு எத்தனை மடங்கு? 1.20-இன் வர்க்கமூலம், அதாவது 1.095. இதுவே அந்த ஒன்பதரை. (ஐம்பதிலிருந்து இருபதைக் கழித்து, இரண்டால் வகுத்து, பதினைந்து என்று சொல்லக்கூடாது. ஆண்டு விகிதங்களைப் பெருக்க வேண்டுமே தவிரக் கூட்டக்கூடாது.) இதை டைம்-வெயிட்டட் ரிட்டர்ன் என்கிறார்கள். ஒவ்வொரு காலத் துண்டிலும் ஃபண்ட் எத்தனை சதவீதம் வளர்ந்தது என்பதை மட்டும் இது பார்க்கிறது. அந்தத் துண்டில் எவ்வளவு பணம் உள்ளே இருந்தது என்று பார்ப்பதே இல்லை.

ரயில்வேக்காரனாகிய எனக்கு இது புரிந்தது கார்டின் குறிப்பேட்டை நினைத்த பிறகுதான். சென்னையிலிருந்து நாக்பூர் வரும் ஒரு வண்டி விஜயவாடா வரை பறந்து வருகிறது, அதன்பின் தவழ்கிறது. குறிப்பேட்டில் ஏறுவது வண்டி எந்த நிலையத்துக்கு எப்போது வந்தது, எப்போது புறப்பட்டது என்பதே. விஜயவாடா வரை பெட்டிகள் காலியாக வந்து அங்கேதான் கூட்டம் ஏறியது என்றால், வண்டிக்குள் இருந்த பெரும்பாலோர் கண்டது தவழ்ந்த பகுதியை மட்டும்தான். குறிப்பேடு பொய் சொல்லவில்லை. அது வண்டியின் கணக்கு. பயணியின் கணக்கு அல்ல. யார் எங்கே ஏறினார்கள் என்பதற்கு ஓட்டுநர் பொறுப்பில்லை. ஆகவே ஓட்டுநரை எடைபோட வண்டியின் கணக்கே நியாயம். ஃபண்டை நடத்துகிறவருக்கும் அப்படியே. நான் எந்தத் தேதியில் 9 லட்சத்தோடு வந்து நிற்பேன் என்பது அவர் கையில் இல்லை.

பயணியின் கணக்குக்கு மனி-வெயிட்டட் ரிட்டர்ன் என்று பெயர். அதைப் புரிந்துகொள்ள ஒரு வங்கி பாஸ்புக்கைக் கற்பனை செய்யுங்கள். நான் போட்ட அதே தேதிகளில் அதே தொகைகளை அந்தக் கணக்கில் போடுகிறேன். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வட்டி விகிதம். கடைசியில் 8 லட்சத்து 40 ஆயிரம் இருப்பு நிற்க வேண்டுமானால் அந்த விகிதம் என்னவாக இருக்க வேண்டும்? விடை, ஆண்டுக்குச் சுமார் 14.7 சதவீதம் நஷ்டம். சரிபார்ப்பது கடினமல்ல. 1 லட்சம் ஓராண்டில் ஏறத்தாழ 85,260 ஆகச் சுருங்குகிறது. அதோடு 9 லட்சம் சேர்ந்து 9,85,260. அதுவும் அதே விகிதத்தில் சுருங்கினால் 8 லட்சத்து 40 ஆயிரம்.

ஃபண்டுக்கு ஒன்பதரை லாபம். எனக்குப் பதினாலேமுக்கால் நஷ்டம். என் பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு நல்ல ஆண்டைப் பார்க்கவே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

மைத்துனரின் கதை நேர்மாறு. மனை விற்ற பணம் 9 லட்சத்தை அவர் 2017 ஜனவரியிலேயே போட்டார். அடுத்த ஜனவரியில் 1 லட்சம் சேர்த்தார். 2019-ல் அவரிடம் இருந்தது 11 லட்சத்து 60 ஆயிரம். அவருடைய பயணிக் கணக்கு ஆண்டுக்குச் சுமார் 8.1 சதவீதம். அதே ஃபண்ட், அதே 10 லட்சம், அதே இரண்டு ஆண்டு. முடிவில் எங்களுக்குள் வித்தியாசம் 3 லட்சத்து 20 ஆயிரம். தன் பணம் ஃபண்டோடு ஒட்டியே நடந்ததால், ஃபண்டின் எண்ணும் தன் எண்ணும் ஒன்று என்று அவர் நினைத்தார். என் எண் வேறாக இருந்ததால் ஃபண்டின் எண் பொய் என்று நான் நினைத்தேன்.

கம்ப்யூட்டரில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. எக்ஸெலில் ஒரு பத்தியில் தேதிகள், அடுத்ததில் தொகைகள். நாம் போட்டதற்குக் கழித்தல் குறி. எடுத்ததற்கும், கடைசி நாள் மதிப்புக்கும் கூட்டல் குறி. பிறகு இப்படி எழுத வேண்டும்:

```
=XIRR(B1:B3,A1:A3,-0.1)
```

கடைசியிலுள்ள -0.1 ஓர் ஆரம்ப ஊகம். விடை நஷ்டமாக இருக்கும்போது இதைக் கொடுக்காவிட்டால், சில சமயம் பூஜ்யத்துக்கு மிக நெருங்கிய பொருளற்ற எண் ஒன்று வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் நான் மேலே செய்த மாதிரி பாஸ்புக் போட்டுப் பார்த்துவிடுங்கள். நம்மவர்கள் செய்யும் வேறு தவறுகள் இரண்டு. நடுவில் வங்கிக்கு வந்த டிவிடெண்டைச் சேர்க்க மறப்பது ஒன்று. அப்படிச் செய்தால் விடை குறைந்துவிடும். பணம் போட்டுச் சில வாரங்களிலேயே கணக்குப் பார்ப்பது மற்றொன்று. ஒரு மாதத்தில் 5 சதவீதம் ஏறினால் இந்தக் கணக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீதம் என்று காட்டும். ஓராண்டு முடியும் முன் அந்த எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

என் அபிப்பிராயம் இதுதான். இரண்டு ஃபண்டுகளில் எது மேல் என்று பார்க்க வண்டியின் கணக்கை மட்டும் பாருங்கள். உங்கள் சொந்த பயணிக் கணக்கை அதற்குப் பயன்படுத்தினால், உங்கள் தேதிகளின் பழியையோ புகழையோ ஃபண்டின் தலையில் கட்டுவீர்கள். "என் பணம் எனக்கு என்ன கொடுத்தது? வரும் ஆண்டுகளின் செலவுக்குத் தாங்குமா?" என்பது கேள்வியானால் பயணியின் கணக்கு ஒன்றே விடை. விளம்பரத் தாளில் அது ஒருநாளும் இராது, இருக்கவும் முடியாது. ஏனென்றால் அது ஆளுக்கு ஆள் வேறு. நாம்தான் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே நாம் தேர்ந்தெடுத்த தேதிகளின் விலை.

அந்த இடைவெளியை முழுக்க நம் அறிவின் அளவாகவும் கொள்ளக்கூடாது. 2018-லும் சந்தை ஏறியிருந்தால் என் 9 லட்சமும் சேர்ந்து ஏறியிருக்கும். என்னை நானே கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கிராஜுவிட்டி வரும் தேதியை நாம் குறிப்பதில்லை. அது ஓரளவு அதிர்ஷ்டம். ஆனால் ஒரு ஆண்டின் ஏற்றத்தைப் பார்த்து மயங்கி, வாழ்நாள் சேமிப்பை ஒரே நாளில் ஒரே வண்டியில் ஏற்றியது அதிர்ஷ்டமல்ல. அது என் முடிவு. பயணியின் கணக்கைப் போட்ட அன்றுதான் அது என் முடிவு என்பது எனக்கு உறைத்தது.

அன்று மாலையே கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "அப்போ நான் வாங்கினது ஒன்பதரை இல்லையா, அத்தான்? எட்டுதானா?" என்று கேட்டார். அவருக்கும் அதுவரை தெரியாது. இருவரும் சேர்ந்து சிரித்தோம். அன்றைக்குக் காப்பியை அவர் முழுதும் குடித்தார்.