இரண்டு புள்ளியும் ஒரு கொக்கியும்

சென்ற மாதம் ஒரு மாலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டுத் தம்பி நேராக என் திண்ணைக்கு வந்தான். "தாத்தா, நீங்க அரபி படிப்பீங்களே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினான். ஒரகடத்தில் 3 ஆண்டு வெல்டராக இருந்தவன், சவூதி வேலைக்கு முயல்கிறான். கம்பெனி ஆங்கிலத்தில் கொடுத்த அனுபவச் சான்றிதழைக் காசு கொடுத்து அரபியில் தட்டச்சு செய்து, முத்திரையும் போட்டு வாங்கியிருந்தான்.

தலைப்பிலேயே என் கண் நின்றுவிட்டது. அனுபவம் என்பதற்கு அரபியில் 'கிப்ரா', خبرة. கடைசி எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. அதுதான் தா மர்பூத்தா. தாளில் இருந்ததோ புள்ளியில்லாத خبره. அது வெறும் 'ஹே'. அதை 'கபருஹு' என்று படித்தால் 'அவனுடைய செய்தி' என்று பொருள். அனுபவச் சான்றிதழ், அவன் செய்திக்குச் சான்றிதழ் ஆகிவிட்டது! இரண்டுமே அரபியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தியும் இதற்குச் சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடலாம்.

இந்த எழுத்தைக் கண்டுபிடிக்க, காரைக்காலில் சிறுவயதில் மதரஸாவில் சொல்லித்தந்த வழி இன்றும் போதும். சொல்லோடு நிறுத்திப் பார், 'ஹ்' என்று முடியும். அடுத்த சொல்லோடு சேர்த்துப் படி, 'த' கேட்கும். அப்படிக் கேட்டால் இரண்டு புள்ளி வை. நம் பேச்சிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பாத்திஹா, சுன்னத்து இரண்டும் அரபியில் இதே எழுத்தில்தான் முடிகின்றன. ஒன்றை நிறுத்தியும் மற்றதைத் 'த'வோடும் நாம் வாங்கிக்கொண்டோம். 'அவனுடைய அனுபவம்' என்று எழுதும்போது அந்த 'த' வெளியே வந்து خبرته என்று ஆகும்.

அடுத்தது ஹம்ஸா, அலிஃபின் மேலோ கீழோ உட்காரும் சிறு கொக்கி. 'பெயர்' என்ற இடத்தில் الإسم என்று கொக்கி போட்டிருந்தார்கள். الاسم என்பதே சரி. இதற்கும் எளிய சோதனை உண்டு. முன்னால் 'வ' சேர்த்துப் படியுங்கள். 'இஸ்முஹு' என்பது 'வஸ்முஹு' ஆகிறது, முதல் ஒலி மறைகிறது. அங்கே கொக்கி கூடாது. 'அஹ்மத்' என்பது 'வ அஹ்மத்' என்றே நிற்கிறது. அங்கே கொக்கி வேண்டும்.

இந்தப் பிழைகள் எப்படி வருகின்றன என்பது குமாஸ்தாவாக இருந்த எனக்குப் புரியும். வழக்கமான அரபி விசைப்பலகையில் வெறும் அலிஃப் ஒரே தட்டில் வரும். கொக்கியோடு வேண்டுமானால் ஷிஃப்ட்டையும் அழுத்த வேண்டும். அவசரத்தில் விரல் சோம்பும். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்தால் எழுத்தின் மேல் வரும் குறிகளை விட்டுவிடுவது வழக்கம். அப்போது 'போலீஸ்காரர் கொல்கிறார்', 'போலீஸ்காரர் கொல்லப்பட்டார்' இரண்டும் ஒரே மாதிரி நிற்கும்.

தம்பியின் அப்பாவுக்கு என் பேச்சு பிடிக்கவில்லை. "பாய், பத்து நாள்தான் இருக்கு. முத்திரை இருக்கில்ல, புள்ளியை யார் எண்ணப் போறாங்க?" என்றார். தட்டச்சு செய்தவரும் போனில், "அரபிகளே இப்படித்தான் எழுதுறாங்க" என்றாராம்.

அதில் பாதி உண்மை. அன்றாடக் கடிதங்களில் அவர்களும் புள்ளியை விடுகிறார்கள், கொக்கியையும் விடுகிறார்கள். 'பொறுப்பாளர்' என்னும் 'மஸ்ஊல்' என்ற சொல்லில் கொக்கியை யே மேல் கண்டு நானே முதலில் வட்டம் போட்டேன். பிறகுதான் அது எகிப்து வழக்கம், மற்ற நாடுகளில் வாவ் மேல் எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வந்து அழித்தேன். ஆகையால் எல்லாப் பிழைக்கும் தாளைத் திருப்பச் சொல்ல மாட்டேன். பொருள் மாறினால் திருப்ப வேண்டும். ஆள் பெயர், கம்பெனிப் பெயர் பாஸ்போர்ட்டிலோ மற்றத் தாளிலோ இருப்பதற்கு மாறாக நின்றால் திருப்ப வேண்டும். மற்றதை விட்டுவிடலாம். ஆனால் காசு வாங்கி முத்திரை போடுகிறவர், தலைப்பையாவது சரியாக எழுதித் தர வேண்டும். அரபி தெரியாத பிள்ளை அதை எப்படிச் சரிபார்ப்பான்?

பேனாவால் புள்ளி வைத்துத் தரட்டுமா என்று தம்பி கேட்டான். கூடாது என்றேன். முத்திரை போட்ட தாளில் கை வைத்தால் அது திருத்திய தாள் ஆகிவிடும். பிழையைவிட அதுதான் ஆபத்து. மறுநாள் லீவு போட்டுப் போய் நின்று, புதுத் தாள் அடித்து வாங்கி வந்தான். ஒரு நாள் சம்பளம் போயிற்று.

புதுத் தாளில் தலைப்பு சரி, பெயர் சரி. 'வரை' என்று வரும் 'இலா'வில் மட்டும் கொக்கி இல்லை. பார்த்தேன், ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டேன்.