நாமினியிடம் கோர்ட் சான்று எதற்கு?



வைப்புத்தொகைக்கு நாமினி பதிவாகியிருந்தும், வைப்புதாரர் இறந்தபின் ‘கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வாருங்கள்’ என்று கேட்கும் வங்கிக் கிளைகள் உண்டு. இது விதிக்கு முரணானது. ரிசர்வ் வங்கியின் விதி, நாமினியிடம் வாரிசுரிமைச் சான்றோ, ஈட்டுறுதிப் பத்திரமோ, ஜாமீனோ கேட்கக் கூடாது என்கிறது. ஆகவே நாமினி மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் வைப்பு எண், இறந்த தேதி, பணம் சேரவேண்டிய கணக்கு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘இணைப்பு: 1. பூர்த்தி செய்த உரிமைகோரல் படிவம், 2. இறப்புச் சான்றிதழ் நகல் (அசல் சரிபார்க்க), 3. என் ஆதார் நகல், 4. அசல் வைப்பு ரசீது’ என்று முடித்தால் போதும். ஆவணங்கள் சரியாக இருந்தால் 15 நாட்களில் பணம் தரவேண்டும். கடிதத்தின் நகலில் தேதியுடன் கிளை முத்திரை பெறுவது அவசியம். நாள் கணக்குக்கு அதுவே ஆதாரம்.

‘மற்ற வாரிசுகள் ஏமாந்துபோனால்?’ என்று வங்கி தரப்பில் கேட்கலாம். பணம் நாமினிக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. வாரிசுகளுக்காகவே அவர் அதைப் பெறுகிறார் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பங்கு கேட்பவர்கள் அவர்மீதே வழக்குப் போடலாம். நாமினியிடம் முறைப்படி கொடுத்த வங்கிக்கோ, வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. நீதிமன்றத் தடையாணை இருந்தால் மட்டுமே பணத்தை நிறுத்தலாம். இந்தச் சான்றுக்காகத் தறியை நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு அலையும் நெசவாளிக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. தேவைப்படும் ஆவணங்களின் பட்டியலைத் தமிழில் கிளைகள் ஒட்டிவைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கூரம், காஞ்சிபுரம் மாவட்டம்